புதிய பக்திச் சனலுக்கு முன்னோட்டம் எழுதுதல்: வன்னியிலிருந்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாட்டு, பூசை, கோயில் வரலாறு, விரத நாட்கள், சோதிடம் எல்லாம்தான் போடப் போகிறோம். முன்னோட்டத்தில் இவற்றில் எதைச் சொல்வது?

ஒன்றைச் சொல்லுங்கள், மிஞ்சினால் இரண்டு. யூடியூப்பில் உங்கள் சனலின் பக்கத்துக்கு முதன்முறை வருபவருக்கு ஓடும் அறிமுகக் காணொளிதான் முன்னோட்டம். அவர் எதையோ தேடிப்போன வழியில் வந்தவர். அவருக்கு உங்கள் திட்டம் முழுவதும் தேவையில்லை. இங்கே எந்த ஊர்ச் சாமியைப் பார்க்கலாம், எந்த நாளில் வந்தால் புதிதாக ஒன்று இருக்கும், அது தன்னைப் போன்ற ஒருவருக்கானதா என்ற மூன்றையும் அறிந்துகொண்டால் அவருக்குப் போதும்.

இந்தப் பக்கத்தில் ஒரே உதாரணத்தைத் தொடர்ந்து எடுத்துக்கொள்கிறேன். முள்ளியவளைப் பக்கத்தைச் சேர்ந்த அண்ணனும் தங்கையும் சனல் தொடங்குவதற்கு முன் என்னிடம் ஒரு கொப்பியைக் கொண்டுவந்தார்கள். போடப்போகும் நிகழ்ச்சிகள் என்று அதில் பதினான்கு இருந்தன. இவற்றில் எதை உங்களால் ஒரு வருடம் நிறுத்தாமல் செய்ய முடியும் என்று கேட்டேன். தங்கை இரண்டைத் தவிர மற்றெல்லாவற்றையும் தானே கோடிட்டு வெட்டினார். எஞ்சியவற்றுள் ஒன்று, வெளியூரவர் அறியாத சின்னக் கோயில்களின் கதையை அந்தந்த ஊர்ப் பெரியவர்களிடமே கேட்டுப் பதிவு செய்வது. மற்றொன்று, ஊர்ப் பிள்ளைகளைத் தேவாரம் பாட வைத்து வரிக்கு வரி பொருள் சொல்வது. முன்னோட்டத்துக்கான பொருள் அங்கேயே கிடைத்துவிட்டது. வெட்டப்பட்ட பன்னிரண்டையும் பின்னர் போடுவதற்கு எந்தத் தடையும் இல்லை. முன்னோட்டத்தில் மட்டும் அவற்றைச் சொல்லக் கூடாது, ஏனென்றால் அங்கே சொல்லுகிற ஒவ்வொன்றும் பார்ப்பவருக்குக் கொடுத்த வாக்காகிவிடும்.

எத்தனை நிமிடம் இருக்க வேண்டும்? எத்தனை சொற்கள் எழுதலாம்?

ஒரு நிமிடம் போதும். யூடியூப் இதற்கு எல்லை எதுவும் விதிக்கவில்லை. ஆனால் உங்களைத் தெரியாத ஒருவர் உங்கள் அறிமுகத்தைக் கேட்கத் தரும் நேரம் மிகக் குறைவு.

சொற்கணக்கில் பலர் தவறுகிறார்கள். தமிழ்ச் சொல் நீளமானது. ‘வற்றாப்பளையும்’ என்பதைச் சொல்லி முடிக்க எடுக்கும் நேரத்தில் வேறு மொழிகளில் மூன்று சொற்களைச் சொல்லிவிடலாம். பக்திச் சனலுக்கு ஏற்ற நிதானத்தில் வாசித்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 90 சொற்கள் வரும் என்பது என் அனுபவம். அந்த 60 விநாடிகளுக்குள் மணியோசையும் மேளமும் ஒலிக்க இடம் விட வேண்டும், வாக்கியங்களுக்கு இடையில் மூச்சும் விட வேண்டும். ஆகவே 75 சொற்களுக்கு எழுதுங்கள். எழுதியதைக் கைபேசியில் நேரம் வைத்து உரக்க வாசித்துப் பாருங்கள். மனத்துக்குள் வாசித்துக் கணக்குப் பார்த்தால் நிச்சயமாகப் பிழைக்கும்.

வணக்கம் சொல்லி, சனலின் பெயரைச் சொல்லித்தானே தொடங்க வேண்டும்?

மரியாதைக்காகக் கேட்கிறீர்கள் என்பது புரிகிறது. நம்மூர் மேடைகளில் அதுதான் முறை. ஆனால் மேடையின் முன்னால் இருப்பவர் எழுந்து போக மாட்டார், திரையின் முன்னால் இருப்பவர் போய்விடுவார். அந்த அண்ணனும் தங்கையும் எழுதிய முதற்பிரதி இப்படித் தொடங்கியது:

“அனைவருக்கும் எமது அன்பான வணக்கங்கள். ஆன்மிகத்தின் ஒளியை அகிலமெங்கும் பரப்பும் உயரிய நோக்குடன் ஆரம்பிக்கப்பட்டுள்ள எமது சனலுக்கு உங்கள் அனைவரையும் வரவேற்பதில் பெருமகிழ்வடைகின்றோம். இச்சனலின் ஊடாகப் பல்வேறு பக்திசார் நிகழ்ச்சிகளை நீங்கள் கண்டு களிக்கலாம்.”

இதற்கு முன்னால், சனலின் பெயர் தங்க எழுத்தில் சுழன்று வந்து நிற்கும் அசைபடம் எட்டு விநாடிக்கு ஓடியது. பின்னர் இந்த 25 சொற்கள். இவை முடியும்போது அரை நிமிடம் நெருங்கிவிடுகிறது. அதுவரை எந்தத் தெய்வம், எந்த ஊர், எந்த நாள் என்ற ஒன்றுமே பார்ப்பவருக்குக் கிடைக்கவில்லை. இந்த மூன்று வாக்கியங்களையும் சிதம்பரத்திலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வரும் எந்தச் சனலும் ஓர் எழுத்தும் மாற்றாமல் தனது என்று வைத்துக்கொள்ளலாம். நீங்கள் எழுதிய வாக்கியத்தை இன்னொரு சனலுக்குக் கடன் கொடுக்க முடிந்தால் அது முன்னோட்டத்துக்கு உதவாத வாக்கியம். நான் பார்க்கும் ஒவ்வொரு பிரதிக்கும் இந்தச் சோதனையையே வைக்கிறேன்.

பெயரைச் சொல்லவே வேண்டியதில்லை. சனலின் பக்கத்தில் முன்னோட்டத்துக்கு மேலே அது பெரிய எழுத்தில் இருக்கிறது.

அப்படியென்றால் முதல் வரி எப்படி இருக்க வேண்டும்?

ஓர் இடத்தைக் காட்டுவதாக இருக்க வேண்டும். அவர்களுடைய இரண்டாம் பிரதியில், முதல் மூன்று விநாடிகளுக்குப் பேச்சே கிடையாது. மூன்று கல் அடுப்பில் பானை, பக்கத்தில் பறைமேளம், பால் நுரைத்து விளிம்பைத் தாண்டுகிறது. அப்போது தங்கையின் குரல் வருகிறது: “வன்னியில் ஓர் அம்மன் கோயில் முற்றம். வளந்து இப்போதுதான் பொங்கி வழிகிறது.”

‘வளந்து’ என்ற சொல்லை நான் வேண்டுமென்றே வைக்கச் சொன்னேன். பொங்கற்பானைக்கு எங்கள் கோயில்களில் வழங்கும் பெயர் அது. அண்ணன் ‘பொங்கற்பானை’ என்றே இருக்கட்டும், இல்லாவிட்டால் மற்ற ஊரவருக்கு விளங்காது என்றார். பானை திரையில் இருக்கிறது. கண் முன்னால் பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்குச் சொல் புதிதாக இருந்தாலும் பொருள் தவறாது. ஆனால் கனடாவிலோ சுவிற்சர்லாந்திலோ இருக்கும் ஒரு முல்லைத்தீவுக்காரர், பல வருடமாகக் காதில் விழாத அந்தச் சொல்லைக் கேட்டதும் விரலைத் திரையிலிருந்து எடுத்துவிடுவார். ஊர்ச் சொல் ஒன்றே போதும். இரண்டாவது வந்தால் அலங்காரமாகிவிடும்.

முழுப் பிரதியையும் பார்க்க முடியுமா?

அவர்கள் கடைசியாகப் பதிவு செய்தது கீழே இருக்கிறது. பெரியவரின் பேச்சும் சேர்த்து 75 சொற்கள். வாசிப்பு 50 விநாடி, மேளமும் மணியும் இடைவெளிகளும் 10 விநாடி.

முதல் 9 விநாடி. அடுப்பு, பானை, மேளம்.
“வன்னியில் ஓர் அம்மன் கோயில் முற்றம். வளந்து இப்போதுதான் பொங்கி வழிகிறது.”

அடுத்த 12 விநாடி. குளக்கட்டில் மோட்டார் சைக்கிள் போகிறது. மரத்தடியில் ஒரு சூலம். வயற்கரையில் தகரக் கூரை போட்ட சின்னக் கோயில்.
“வற்றாப்பளையும் புளியம்பொக்கணையும் எல்லோருக்கும் தெரியும். குளக்கட்டிலும் வயற்கரையிலும் இருக்கின்ற சின்னக் கோயில்களை ஊரவர் மட்டுமே அறிவார்கள். அந்தக் கோயில்களுக்கு நாங்கள் போகிறோம்.”

அடுத்த 7 விநாடி. பெரியவரின் முகம், அவருடைய குரல்.
“இடம்பெயர்ந்து போயிட்டு வந்து நாங்கள் முதல் வெட்டித் துப்புரவாக்கினது இந்தக் கோயிலடியைத்தான்.”

அடுத்த 20 விநாடி. பெரியவரிடம் ஒலிவாங்கி நீட்டும் தங்கை. பின்னர் தேவாரம் பாடும் மூன்று பிள்ளைகள். திரையில் ‘வெள்ளி, மாலை 6.00, இலங்கை நேரம்’.
“ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இலங்கை நேரம் மாலை ஆறு மணிக்கு ஒரு காணொளி வரும். ஒரு வாரம் ஒரு கோயிலின் கதை, அந்த ஊர்ப் பெரியவரின் வாயால். அடுத்த வாரம் ஒரு தேவாரம், எங்கள் பிள்ளைகள் பாட, வரிக்கு வரி பொருளோடு.”

கடைசி 12 விநாடி. மடை பரவிய வாழையிலை; மணியோசை.
“அடுத்து வருவது உங்கள் ஊர்க் கோயிலாகவும் இருக்கலாம். தவறவிடாதிருக்க இந்தச் சனலைச் சப்ஸ்கிரைப் செய்து வையுங்கள்.”

கடைசி வரியை மட்டும் நான்கு முறை மாற்றினோம். முதலில் “உங்கள் ஊர்க் கோயிலும் வரும்” என்று இருந்தது. கேட்க இனிமையாகத்தான் இருந்தது, ஆனால் செட்டிகுளத்திலிருந்து கண்டாவளை வரை எத்தனை கோயில்கள்! இரண்டு பேரும் ஒரு மோட்டார் சைக்கிளும் வைத்துக்கொண்டு அந்த வாக்கைக் காப்பாற்ற முடியாது. ‘இருக்கலாம்’ என்று மாற்றியதும் வரி உண்மையாகிவிட்டது, எதிர்பார்ப்பும் குறையவில்லை.

‘கீழே உள்ள சிவப்பு பட்டனை அழுத்துங்கள், லைக் போடுங்கள், கொமெண்ட் எழுதுங்கள்’ என்று ஏன் அதில் இல்லை?

இது மற்ற காணொளிகளைப் பார்த்து வந்த பழக்கம். சனலின் முகப்பில் முன்னோட்டம் ஓடும்போது அதன் கீழே லைக்கும் இல்லை, கருத்துப் பெட்டியும் இல்லை. சப்ஸ்கிரைப் பட்டன் முன்னோட்டத்துக்கு மேலே, சனலின் பெயரோடு இருக்கிறது. அதன் நிறமும் இப்போது சிவப்பு அல்ல. ‘கீழே’ என்று நீங்கள் சொல்ல, பார்ப்பவர் கீழே பார்த்து ஒன்றும் காணாமல் போய்விடுவார். திசையும் நிறமும் சொல்லாமல் ‘சப்ஸ்கிரைப் செய்து வையுங்கள்’ என்று மட்டும் சொன்னால் யூடியூப் பக்கத்தின் அமைப்பை மாற்றினாலும் உங்கள் வரி பழையதாகாது.

கேட்பது ஒரு செயலாக இருப்பதும் நல்லது. லைக், பகிர்வு, மணி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கேட்டால் பார்ப்பவர் ஒன்றையும் செய்ய மாட்டார். பக்திச் சனல்களில் இதைவிட மோசமான ஒரு வழக்கமும் இருக்கிறது: பகிர்ந்தால் இன்று நல்ல செய்தி வரும், அலட்சியம் செய்தால் கேடு வரும் என்ற பாணி. சாமியின் பெயரால் பயமுறுத்திப் பெறும் பின்தொடர்வு ஒரு வாரத்துக்கு மேல் நிற்பதை நான் பார்த்ததில்லை. நோய் தீரும், வழக்கு வெல்லும் என்ற உறுதிகளையும் தொட வேண்டாம். ஒரு பெரியவர் தனக்கு அம்மன் செய்ததைத் தன் வாயால் சொன்னால் அது அவருடைய நம்பிக்கை. அதையே நீங்கள் முன்னோட்டத்தில் சொன்னால் விளம்பரமாகிவிடும்.

வற்றாப்பளைப் பொங்கலை வைத்துத் தொடங்கினால் இன்னும் நிறையப் பேர் பார்ப்பார்களே?

பார்ப்பார்கள். கடல்நீரில் எரியும் விளக்கைப் பற்றிக் கேள்விப்படாத வன்னியார் இல்லை. நந்திக்கடல் ஓரத்துக் கண்ணகி அம்மனிடம் வைகாசிப் பொங்கலுக்கு நாட்டின் எல்லாத் திசைகளிலிருந்தும் சனம் வருகிறது. சிக்கல் என்னவென்றால், அந்தப் பொங்கலைப் பதிவு செய்யப் பெரிய ஊடகங்களும் வருகின்றன. அதைப் பார்த்து உங்களிடம் வந்தவர் அடுத்த வாரமும் அதுபோன்ற ஒன்றையே எதிர்பார்ப்பார். உங்கள் அடுத்த காணொளி பத்துக் குடும்பம் பொங்கும் ஒரு நாகதம்பிரான் கோயிலாக இருந்தால் அவர் ஏமாந்துபோவார். அதனால்தான் மேலே உள்ள பிரதியில் வற்றாப்பளையும் புளியம்பொக்கணையும் பெயரளவில் மட்டும் வருகின்றன. தெரிந்த இரண்டு பெயர்களைச் சொன்னவுடன் இது எந்தப் பகுதி என்பது விளங்கிவிடும், அங்கிருந்து தெரியாத கோயிலுக்கு அழைத்துப் போகலாம்.

இதோடு சேர்த்து ஒன்று. முன்னோட்டத்தில் திகதி சொல்லாதீர்கள். மடு மாதாவின் ஆவணித் திருவிழா ஒவ்வொரு வருடமும் ஓகஸ்ட் 15 தான். ஆனால் வைகாசிப் பொங்கலும் பங்குனி உத்தரமும் வருடத்துக்கு வருடம் வேறு திகதிகளில் வருகின்றன. ‘வருகிற திங்கட்கிழமை’ என்று சொன்ன முன்னோட்டம் எட்டு நாளில் காலாவதியாகிவிடும். முன்னோட்டம் மாதக்கணக்கில் அந்த இடத்தில் கிடக்கப்போவது.

மடுவையும் சேர்க்கலாமா? எங்கள் வீட்டில் இரண்டு சமயமும் உண்டு.

சேர்க்கலாம், ஆனால் முதல் இருபது விநாடிக்குள் இரண்டும் திரையில் தெரிய வேண்டும். பெயரில் ‘பக்தி’ என்று மட்டும் இருந்து, நாற்பதாவது விநாடியில் திடீரென்று மற்றச் சமயம் வந்தால் இரு பக்கத்தாரும் குழம்புவார்கள். சைவக் கோயில்கள் மட்டும்தான் என்றால் அதையும் படங்களே சொல்லிவிடும். தனியாக அறிவிக்கத் தேவையில்லை.

போரையும் இடப்பெயர்வையும் பற்றி முன்னோட்டத்தில் பேசலாமா?

நான் நீண்ட நேரம் யோசித்த கேள்வி இது. 2009 இல் இடம்பெயர்ந்து முகாம்களுக்குப் போய், பின்னர் மீளக்குடியமர்ந்த ஊர்களில் கோயிலின் கதையைக் கேட்டால் அந்தக் காலம் வராமல் இருக்காது. முற்றிலும் தவிர்த்தால் பொய்யாகிவிடும். ஆனால் இடிந்த கோபுரத்தின் பழைய படத்தை முதலில் காட்டி, சோக இசையும் போட்டுத் தொடங்கினால், வந்தவர் இது வேறு வகையான சனல் என்று நினைத்துக்கொள்வார். அப்படி நினைத்து வருபவர்களின் கருத்துகளைக் கையாள்வதற்கே உங்கள் நேரம் முழுதும் போய்விடும்.

அவர்கள் கண்ட வழி எனக்குச் சரியாகப் பட்டது. பெரியவரோடு நாற்பது நிமிடம் கதைத்ததில் ஒரே ஒரு வாக்கியத்தை எடுத்தார்கள். அதில் துயரமும் இருக்கிறது, திரும்பி வந்து கோயிலடியை வெட்டித் துப்புரவாக்கிய கையும் இருக்கிறது. ‘போயிட்டு வந்து’ என்று அவர் சொன்னதை ‘சென்று திரும்பிய பின்னர்’ என்று திருத்தவில்லை. சுற்றிலும் உங்கள் குரல் எழுத்துத் தமிழில் ஒலிக்கும்போது ஊர்ப் பேச்சில் வரும் அந்த ஏழு விநாடிதான் ஒவ்வொரு கோயிலின் கதையையும் ‘அந்த ஊர்ப் பெரியவரின் வாயால்’ தரப்போகிறோம் என்ற வாக்குக்கு முன்கூட்டிய சாட்சி.

அந்த வாக்கியத்தைப் பயன்படுத்தப் போகிறோம் என்று அவரிடம் போட்டுக் காட்டி ஒப்புதல் வாங்கினார்கள். பாடும் பிள்ளைகளின் தாய் தகப்பனிடமும் அப்படியே.

பின்னணிக்குப் பிரபலமான ஒரு பக்திப் பாடலைப் போட்டால் என்ன?

போடாதீர்கள். உரிமையாளர் யூடியூப்பின் தானியங்கி முறையில் பதிவு செய்து வைத்திருக்கும் பாடல் என்றால், சில விநாடி ஒலித்தாலும் உங்கள் காணொளிமீது உரிமைகோரல் விழலாம். சாதாரணமாகச் சனல் முகப்பில் ஓடும் முன்னோட்டத்துக்கு விளம்பரம் வருவதில்லை. அப்படியொரு உரிமைகோரல் இருந்தால் வரும். உங்களை முதன்முறை பார்க்க வந்தவர் வளந்து பொங்குவதற்கு முன் சவர்க்கார விளம்பரத்தைப் பார்ப்பார், அதன் வருமானமும் பாடலின் உரிமையாளருக்கே போகும்.

இங்கே பாட்டையும் பதிவையும் பிரித்துப் பார்க்க வேண்டும். திருக்கேதீச்சரத்தின்மீது சம்பந்தரும் சுந்தரரும் பாடிய பதிகங்களுக்கு இன்று எவரும் உரிமை கோர முடியாது. உங்கள் ஊர்ப் பிள்ளை பாடி நீங்கள் பதிவு செய்தால் அந்தப் பதிவு உங்களுடையது. அதே பதிகத்தை ஒரு புகழ்பெற்ற பாடகர் பாடிய இசைத்தட்டிலிருந்து எடுத்தால், பாட்டு பழையதாக இருந்தாலும் பதிவு பிறருடையது. உங்கள் கோயிலுக்கென்று அண்மைக்காலப் புலவர் ஒருவர் எழுதிய திருவூஞ்சலும் இப்படித்தான். இலங்கைச் சட்டப்படி ஆக்கியவரின் வாழ்நாளும் அதன்பின் 70 ஆண்டுகளும் உரிமை உண்டு. அவருடைய குடும்பத்தாரிடம் ஒரு சொல் கேட்டுவிடுங்கள். ஊரில் மறுப்பவர்கள் குறைவு.

நாங்கள் உண்மையில் மாட்டிக்கொண்டது வேறு இடத்தில். முதற்பதிவில் அவர்கள் எந்தப் பாடலையும் சேர்க்கவில்லை, ஆனாலும் உரிமைகோரல் வந்தது. திரும்பத் திரும்பக் கேட்டோம். மேளத்துக்குப் பின்னால், மிக மெல்லியதாக, கோயில் ஒலிபெருக்கியில் ஓடிய பாடல் கேட்டது. திருவிழா நாளில் சவுண்ட் சேர்விஸ்காரர் விடியற்காலையிலேயே பெட்டியைப் போட்டுவிடுவார். ஆகவே படம் எப்போது எடுத்தாலும் ஒலியைத் தனியே எடுங்கள். நிர்வாக சபையிடம் சொல்லி இரண்டு நிமிடம் ஒலிபெருக்கியை நிறுத்தச் செய்து, அந்த இடைவெளியில் மேளம், மணி, அடுப்பில் விறகு வெடிக்கும் ஓசை ஆகியவற்றைக் கைபேசியை அருகில் பிடித்துப் பதிந்துகொண்டால் முன்னோட்டத்துக்கு வேண்டிய ஒலி முழுவதும் கிடைத்துவிடும். வெளியிடுவதற்கு முன் காணொளியை ‘Private’ ஆக ஏற்றி, YouTube Studio இல் ‘Restrictions’ என்ற நிரலில் ‘Copyright’ என்று வருகிறதா எனப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூலஸ்தானத்தைக் காட்டாமல் பக்தி முன்னோட்டம் நன்றாக இருக்குமா?

இருக்கும். மூலஸ்தானத்தில் கமரா வேண்டாம் என்பது நம் கோயில்கள் பலவற்றின் வழக்கம். ஐயாவும் நிர்வாக சபையும் சம்மதித்த கோயிலில்கூட முன்னோட்டத்தில் வைக்காமல் விடுவதே என் விருப்பம். ஓரிடத்தில் கிடைத்த அனுமதியைப் பார்த்து அடுத்த கோயிலார் உங்களை வாசலிலேயே நிறுத்திவிடக்கூடும். அடுப்பு, மடை, கும்பிடும் கை, திருநீறு பூசும் விரல் எல்லாம் முற்றத்திலேயே கிடைக்கின்றன.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ‘மாலை ஆறு மணி’ பொருந்துமா?

இலங்கையில் வெள்ளி மாலை 6.00 என்றால், கோடைகாலத்தில் இலண்டனில் பிற்பகல் 1.30, பாரிசிலும் சூரிச்சிலும் 2.30, ரொறன்ரோவில் காலை 8.30. குளிர்காலத்தில் அங்கெல்லாம் கடிகாரத்தை மாற்றுவதால் ஒரு மணித்தியாலம் முன்னே வந்துவிடும். எல்லா நேரத்தையும் முன்னோட்டத்தில் சொல்ல முயன்றால் அரை நிமிடம் அதற்கே போகும், அதுவும் அரை வருடத்துக்குத்தான் சரியாக இருக்கும். ‘இலங்கை நேரம்’ என்ற இரண்டு சொற்களை விடாமல் சொல்லுங்கள். மீதியை அவர்கள் கணக்குப் பார்த்துக்கொள்வார்கள், நாள்தோறும் ஊருக்கு அழைப்பு எடுக்கிறவர்கள்தானே. பெரும்பாலோர் வேலை முடிந்து இரவில்தான் பார்ப்பார்கள். அவர்களுக்குத் தேவைப்படுவது வெள்ளி தோறும் வரும் என்ற நம்பிக்கை.

அந்த நம்பிக்கையைக் காப்பாற்ற, முன்னோட்டத்தை வைப்பதற்கு முன் குறைந்தது நான்கு காணொளிகளை முடித்துக் கையில் வைத்திருங்கள். மழைக்காலத்தில் குளக்கட்டு வீதிகள் பல வாரங்களுக்குக் கைகொடுக்காது.

எங்கே போய் அதை முன்னோட்டமாக வைப்பது? தலைப்பு என்ன எழுதுவது?

காணொளியைச் சாதாரணமாக ஏற்றிய பின், YouTube Studio இல் ‘Customization’ என்பதற்குள் போனால் ‘Channel trailer for people who haven’t subscribed’ என்று இருக்கும். அங்கே அந்தக் காணொளியைத் தெரிவு செய்து ‘Publish’ கொடுங்கள். ஏற்கனவே பின்தொடர்பவர்களுக்கு வேறு காணொளி காட்டவும் அங்கேயே இடம் உண்டு. அதில் அந்த வாரத்துக் காணொளியை வையுங்கள்.

தலைப்பைச் சிலர் ‘Channel Trailer’ என்றே விட்டுவிடுகிறார்கள். கணினியில் பார்ப்பவருக்குத் தலைப்பும் விவரத்தின் முதல் வரிகளும் காணொளியின் பக்கத்திலேயே தெரியும். அது இலவசமாகக் கிடைத்த இடம். அவர்கள் ‘வன்னியின் சின்னக் கோயில்கள்: வெள்ளி தோறும் மாலை 6.00’ என்று எழுதினார்கள். குரலில் சொன்னதை ஒலியில்லாமல் பார்ப்பவருக்கும் அது சொல்லிவிடுகிறது.

நன்றாக இருக்கிறதா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சொந்தக்காரரிடம் கேட்காதீர்கள். வட்ஸ்அப் குழுவில் போட்டால் கும்பிடும் கைகள்தான் வரும்.

Studio இல் அந்தக் காணொளியின் பகுப்பாய்வுக்குள், ஒவ்வொரு கணத்திலும் எத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று காட்டும் கோடு ஒன்று உண்டு. பார்வைகள் மிகக் குறைவாக இருந்தால் அது தோன்றாது. ஆகையால் சில வாரம் பொறுங்கள். ஓர் இருநூறு பார்வைக்கு முன் எதையும் மாற்றாதிருப்பது என் வழக்கம். தொடக்கத்தில் சற்று இறங்குவது எல்லோருக்கும் நடப்பது. பார்க்க வேண்டியது செங்குத்தாக விழும் இடத்தைத்தான். முதல் ஐந்து விநாடிக்குள் விழுந்தால் உங்கள் முதற்படம் பிழை. நடுவில் விழுந்தால் அந்த நேரத்தில் எந்த வாக்கியம் ஓடுகிறது என்று பிரதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அது நீளமான வாக்கியமாக இருக்கும். கடைசிவரை பார்த்தும் எவரும் பின்தொடரவில்லை என்றால், படம் பிடித்திருக்கிறது, ஆனால் திரும்பி வருவதற்கான காரணத்தை நீங்கள் சொல்லவில்லை.

அந்த அண்ணன் தங்கையின் முதற்பிரதியில், பெயர் சுழன்று முடிவதற்குள் பாதிக்கு மேல் போய்விட்டார்கள். இரண்டாம் பிரதியில் கோடு பெரியவர் பேசும் இடத்தில் சற்று மேலே எழும்பியது. பார்த்தவர்களில் சிலர் பின்னுக்கு இழுத்து அந்த ஏழு விநாடியைத் திரும்பக் கேட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்த பிறகு தங்கை, அடுத்த வெள்ளிக்கு வைத்திருந்த தேவாரத்தை ஒரு வாரம் தள்ளிப்போட்டு, பெரியவரின் கதையை முதலில் வெளியிட்டார்.